மஞ்சள் உறையில் எழுதியிருந்த தேதி

சென்னையில் ஜெர்மன் கற்பிப்பதும் மொழிபெயர்ப்பதும் என் தொழில். ஜெர்மனியில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர், அங்கிருந்து வாட்ஸ்அப்பில் வந்த கடிதப் படத்தைக் காட்டி "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. வாடகை ஒப்பந்தம், காப்பீட்டுக் கடிதம், மின்கட்டணக் கணக்கு என்று பலவும் வரும். அவற்றில் மிகவும் கவனமாகக் கையாள வேண்டியது போக்குவரத்து அபராதக் கடிதம் என்பதே என் அனுபவம். மற்றக் கடிதங்களில் ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். இதில் ஒரு தேதியைத் தவறாகச் சொன்னால் மறுத்துப் பேசும் உரிமையே போய்விடும். 2024 மே மாதம் எங்கள் குடியிருப்பில் நடந்ததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்களுக்கு மேல்தளத்தில் இருப்பவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் ஜெர்மனியில் பொறியாளர். வேலை முழுவதும் ஆங்கிலத்தில் நடப்பதால் ஜெர்மன் மொழியைக் கடைக்குப் போய் வரும் அளவுக்கே கற்றிருந்தான். தங்கை திருமணத்துக்காக ஏப்ரல் கடைசியில் விடுப்பில் வந்தவன், மே 25-ஆம் தேதி திரும்புவதாக இருந்தான். மே 11, சனிக்கிழமை மாலை, அங்கே அவனுடன் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் நண்பர் இரண்டு படங்களை அனுப்பினார். ஒரு கடிதத்தின் முன்பக்கங்கள் மட்டும் அவற்றில் இருந்தன. தந்தை பதற்றத்தில் அவற்றைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். அக்குழுவில் இருந்த ஓர் உறவுப் பெண் ஜெர்மன் மொழியில் இரண்டாம் நிலை வரை படித்தவர். அகராதியை வைத்துக்கொண்டு அக்கறையாகவே தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். அதன் சாரம் இதுதான்: பாதிக்கப்பட்டவர் இரண்டு வாரத்துக்குள் 14,350 யூரோ கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிறை.

அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 13 லட்சம் ரூபாய். இரவு ஒன்பது மணிக்கு அவர் என் வீட்டுக் கதவைத் தட்டியபோது கையில் சேமிப்புக் கணக்குப் புத்தகமும் இருந்தது. "டீச்சர், வேகமாகப் போனதற்கு இவ்வளவா? கல்யாணச் செலவு முடிந்து கையில் ஒன்றும் இல்லையே" என்றார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொகை இருந்த வரியில் 143 என்ற எண்ணுக்கும் 50 என்ற எண்ணுக்கும் நடுவில் மங்கலாக ஒரு சிறு கோடு தெரிந்தது. ஜெர்மன் எழுத்து முறையில் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளியும், நாம் காற்புள்ளி வைக்கும் இடத்தில் புள்ளியும் வரும். ஆகவே தாளில் 143,50 என்று இருந்தது 143 யூரோ 50 சென்ட். காற்புள்ளி படத்தில் கரைந்துபோனதாலோ, அதை ஆயிரத்தைப் பிரிக்கும் குறியாக எண்ணியதாலோ அது 14,350 ஆகியிருக்கிறது. தொகை சரிதானா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு: கடிதத்தில் மொத்தத்துக்கு மேலே அதன் கூறுகள் தனித்தனியாக இருக்கும், அவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இதில் அபராதம் 115,00, நடைமுறைக் கட்டணம் 25,00, அஞ்சல் செலவு 3,50 என்று மூன்று வரிகள் இருந்தன. கூட்டினால் 143 யூரோ 50 சென்ட். நம் கணக்கில் 13,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதை எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த மூன்று வரிகளையும் ஒரே தொகையாகச் சுருக்காமல் தனித்தனியாகவே மொழிபெயர்ப்பது என் வழக்கம். மேலே உள்ள 115 யூரோதான் தவறுக்கான அபராதம். கீழே உள்ள 28 யூரோ 50 சென்ட் என்பது முறையான அபராத ஆணை பிறப்பிக்கப்பட்டதால் சேரும் செலவு. இந்தப் பிரிவைப் பார்த்தாலே கையில் இருப்பது எந்த வகைக் கடிதம் என்பது தெரிந்துவிடும். வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியது போன்ற சிறு மீறல்களுக்கு முதலில் வருவது எச்சரிக்கைத் தொகைக் கடிதம். அது 5 முதல் 55 யூரோ வரை இருக்கும், செலவு எதுவும் சேராது, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் கட்டிவிட்டால் விஷயம் அத்துடன் முடியும். கட்டாமல் விட்டால் பின்னர் அபராத ஆணை வரும். 20 யூரோவில் முடிந்திருக்க வேண்டியது 48 யூரோ 50 சென்ட் ஆகும். இவ்விரண்டுக்கும் வேறானது விளக்கம் கேட்கும் படிவம். அதில் கட்ட வேண்டிய தொகை என்று எதுவும் இராது. இன்ன தேதியில் இன்ன மீறல் நடந்ததாகத் தெரிகிறது, உங்கள் தரப்பைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கும். மூன்றின் தலைப்பும் நீளமான ஜெர்மன் சொற்களாக இருப்பதால் புதியவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கெடுவும் தொகையும் அடுத்த நடவடிக்கையும் மூன்றுக்கும் வேறு வேறு. எந்தக் கடிதம் என்று உறுதி செய்யாமல் நான் முதல் வரியைக்கூடத் தமிழில் எழுதுவதில்லை.

மகனிடம் கேட்டபோது, மார்ச் மாதத்தில் படிவம் போல ஏதோ வந்ததாகவும், பணம் கேட்கவில்லை என்பதால் அலமாரியில் வைத்துவிட்டதாகவும் சொன்னான். அதுதான் விளக்கம் கேட்கும் படிவம். இப்போது வந்திருப்பது அபராத ஆணை. பிப்ரவரி 24-ஆம் தேதி, ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகமே அனுமதிக்கப்பட்ட சாலையில், அவன் பெயரில் பதிவான கார் 75 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாகக் கருவி பதிவு செய்திருக்கிறது. கருவிப் பிழைக்காக 3 கிலோமீட்டரைக் கழித்து 72 என்று கொண்டு, 22 கிலோமீட்டர் அதிகம் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஊருக்குள் 21 முதல் 25 கிலோமீட்டர் வரை மிகுந்தால் 115 யூரோவும், ஃப்ளென்ஸ்பூர்க் நகரில் உள்ள ஓட்டுநர் பதிவேட்டில் ஒரு புள்ளியும் என்பது அங்குள்ள பட்டியல். அந்தப் புள்ளி பணம் இல்லை என்பதால் தொகைக்குக் கீழே ஒரு சிறு வரியாக நின்றது. முதல் மொழிபெயர்ப்பில் அது விடுபட்டிருந்தது. எட்டுப் புள்ளி சேர்ந்தால் ஓட்டுநர் உரிமம் பறிபோகும். ஒரு புள்ளியால் உடனே எதுவும் நேர்ந்துவிடாது. ஆனால் 13,000 ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்பவர் அதையும் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

அப்போதுதான் மகன் மெதுவாகச் சொன்னான். "அக்கா, பிப்ரவரி 24 அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை. ரயிலில் வேறு நகரத்துக்குப் போயிருந்தேன், டிக்கெட் மெயிலில் இருக்கிறது. வண்டியை வேறொருவர் வாங்கிப் போயிருந்தார்."

இந்த ஒரு வாக்கியம் கடிதத்தின் பொருளையே மாற்றிவிட்டது. ஜெர்மனியில் ஓடும் வண்டியின் வேக மீறலுக்கு அபராதம் ஓட்டியவருக்குத்தான், வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் உரிமையாளருக்கு இல்லை. ஆணையிலும் "ஓட்டுநர் என்ற முறையில் நீங்கள்" என்றே குற்றச்சாட்டு தொடங்குகிறது. முதல் மொழிபெயர்ப்பில் இந்தச் சொற்கள் "உங்கள் வாகனம்" என்று மாறியிருந்தன. அந்த மாற்றத்தால், மறுப்பதற்கு இடமே இல்லாத ஒரு செய்தியாகக் கடிதம் தோன்றியது. அதேபோல் கடிதம் முழுவதும் அவனைக் குறிக்க வரும் 'பெட்ரோஃபனர்' என்ற சொல்லை அகராதிப்படி 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதியிருந்தார்கள். தமிழில் பாதிக்கப்பட்டவர் என்றால் தீங்குக்கு ஆளானவர். இழப்பீடு பெற வேண்டியவர் என்றுகூடப் படிப்பவருக்குத் தோன்றும். அங்கே அது யார் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறதோ அவரைக் குறிக்கும் சட்டச் சொல். நான் 'நடவடிக்கைக்கு உள்ளானவர்' என்று எழுதினேன். 'குற்றவாளி' என்று எழுதுவதும் தவறு. எதுவும் இன்னும் முடிவாகவில்லை.

ஆகவே கேள்வி தொகையிலிருந்து கெடுவுக்கு நகர்ந்தது. என்னிடம் இருந்த இரண்டு படங்களின் மேல்மூலையில் நான்கில் முதலாம் பக்கம், நான்கில் மூன்றாம் பக்கம் என்று இருந்தது. தாளின் பின்பக்கங்களை நண்பர் படம் எடுக்கவே இல்லை. தொகையும் குற்றச்சாட்டும் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை நாளுக்குள், எங்கே, எப்படி மறுக்கலாம் என்ற பகுதி பின்பக்கத்தில் சாம்பல் நிறச் சிறு எழுத்தில் நெருக்கமாக இருக்கும். வெறும் தாள் என்று எண்ணி அதை விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த அபராதக் கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை முதல் முறை இப்படித்தான் வந்தன.

அதைவிட முக்கியமான ஒன்றும் வரவில்லை. அது உறை. அபராத ஆணை சாதாரணத் தபாலில் வருவதில்லை. பெரும்பாலும் மஞ்சள் நிற உறையில் முறையான ஒப்படைப்பாக வரும். ஆள் இல்லாவிட்டால் தபால்காரர் அதை வீட்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, போட்ட தேதியை உறையின் மேல் கையால் எழுதி, சுருக்கொப்பமும் இடுவார். கெடு எண்ணத் தொடங்குவது அந்தத் தேதியிலிருந்துதான். கடிதத்தின் தலைப்பில் அச்சாகியிருக்கும் தேதி அலுவலகத்தில் ஆணை தயாரான நாள் மட்டுமே. நம்மிடம் வரும் படங்களில் கடிதத் தேதி மட்டும் இருக்கும். உறையோ அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும்.

தந்தைக்கு இதை விளக்க வேண்டியே இருக்கவில்லை. "சார்வு ஆன தேதி கேட்கிறீர்கள்" என்று உடனே சொன்னார். சம்மனை அமீனா கொண்டுபோய்க் கையில் கொடுத்தாலும், முறைப்படி கதவில் ஒட்டிவிட்டு வந்தாலும் சார்வு சார்வுதான் என்பதை அவர் முப்பது ஆண்டு பார்த்தவர். ஜெர்மன் கடிதத்தில் இருந்த 'ட்சூஷ்டெல்லுங்' என்ற சொல்லுக்கு நான் வழக்கமாக 'ஒப்படைப்பு' என்று எழுதுவேன். அன்றிலிருந்து 'சார்வு' என்றே எழுதுகிறேன். முதல் மொழிபெயர்ப்பில் 'கிடைத்த நாள்' என்று இருந்தது. அது ஆபத்தான சொல். மகன் சென்னையில் இருந்ததால் கடிதம் தனக்குக் கிடைக்கவே இல்லை, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவனும் முதலில் எண்ணினான். பெட்டியில் விழுந்த அன்றே அது சார்வு ஆகிவிட்டது.

உடனே நண்பருக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். நான்கு பக்கங்களும் வேண்டும், உறையின் இரு புறமும் வேண்டும். தாளை மேசைமேல் தட்டையாக வைத்துச் சன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நான்கு ஓரங்களும் தெரியும்படி எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் ஆக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும், சிறு எழுத்துகளும் காற்புள்ளிகளும்தான் முதலில் அழியும். இன்னொன்றையும் சொன்னேன்: குடும்பக் குழுவில் போட்ட படங்களை நீக்கிவிடுங்கள். அதில் மகனின் பிறந்த தேதி, முகவரி, கோப்பு எண் எல்லாம் இருந்தன.

ஞாயிறு பிற்பகல் படங்கள் வந்தன. நல்லவேளையாக உறையைத் தூக்கி எறியவில்லை. அதன் முன்புறம் ஒரு சிறு கட்டத்தில் நீலப் பேனாவால் தேதி எழுதியிருந்தது. மாதமும் ஆண்டும் தெளிவாக இருந்தன. நாளைக் குறிக்கும் எண் 6 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம். மேல் வளைவை அவசரத்தில் உள்ளே சுழித்திருந்தார் தபால்காரர். இப்படி ஐயம் வரும்போது இரண்டில் முந்தைய தேதியைக் கொள்வதே என் விதி. மொழிபெயர்ப்பில் "6 (8 என்றும் படிக்க இடமுண்டு, பாதுகாப்புக்காக 6 எனக் கொள்ளப்பட்டது)" என்று வெளிப்படையாக எழுதினேன். தெளிவில்லாத ஓரெழுத்தை நாமே முடிவு செய்து, முடிவு செய்தோம் என்பதையே மறைத்துவிட்டால், படிப்பவர் அதை அச்சிட்ட உண்மையாக நம்பிவிடுவார்.

இனிக் கணக்கு. கடிதத்தில் அச்சாகிய தேதி மே 2, வியாழன். உறைமேல் இருந்த தேதி மே 6, திங்கள். சார்வு ஆனதிலிருந்து இரண்டு வாரம் என்பது சட்டம். கடிதத் தேதியிலிருந்து எண்ணினால் மே 16-லேயே முடிந்துவிடும். அது தவறு என்றாலும் முந்திக்கொள்ளும் தவறு, அதனால் கேடில்லை. படம் கைக்கு வந்த மே 11-இலிருந்து எண்ணியிருந்தால் மே 25 என்று வந்திருக்கும். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்திருக்கும். சரியான கணக்கில், திங்கட்கிழமை சார்வு ஆனதால் இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை, மே 20, கடைசி நாள். ஆனால் 2024-இல் மே 20 ஜெர்மனி முழுவதும் விடுமுறையான பெந்தெகொஸ்தே திங்கள். கெடு சனி, ஞாயிறு, பொது விடுமுறை ஆகியவற்றில் முடிந்தால் அடுத்த வேலை நாளின் முடிவு வரை நீளும். ஆகவே கடைசி நாள் மே 21, செவ்வாய். நான் இரண்டையும் எழுதினேன், "சட்டப்படி மே 21 நள்ளிரவு வரை, ஆனால் மே 17 வெள்ளிக்குள் முடித்துவிடுங்கள், இடையில் நீண்ட விடுமுறை வருகிறது" என்று.

அடுத்து, எதற்கு அந்த இரண்டு வாரம் என்பது. முதல் மொழிபெயர்ப்பு இரண்டு வாரத்துக்குள் பணம் கட்டச் சொன்னது. கடிதத்தில் இரண்டு வாரம் என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. அவை இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. முதல் இரண்டு வாரம் ஆட்சேபம் தெரிவிக்க. அந்தக் கெடு ஆட்சேபம் இல்லாமல் கடந்தால் ஆணை 'ரெஷ்ட்ஸ்க்ராஃப்ட்' பெறும், அதாவது இனி மாற்ற முடியாதபடி இறுதியாகும். இறுதியான பிறகு இன்னோர் இரண்டு வாரம் பணம் கட்ட. ஆட்சேபம் தெரிவிக்காமல் பணம் கட்டுவதே முடிவு என்றால், எங்கள் கணக்கில் ஆணை மே 21 முடிந்ததும் இறுதியாகி, ஜூன் 4-க்குள் பணம் போய்ச் சேர்ந்தால் போதும். கைப்பணம் இல்லாத மாதத்தில் ஒரு தந்தைக்கு இந்த வேறுபாடு பெரிது. அதே சமயம், பணம் கட்ட ஜூன் வரை நேரம் இருக்கிறது என்று அறிந்தவர், ஆட்சேபத்துக்கும் ஜூன் வரை நேரம் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. அதனால் இரண்டு தேதிகளையும் ஒரே வரியில் எழுதாமல், எந்தச் செயலுக்கு எந்தத் தேதி என்று தனித்தனி வாக்கியங்களாக எழுதினேன்.

'ஐன்ஷ்ப்ருக்' என்ற சொல்லை எப்படித் தமிழாக்குவது என்பதில் நான் சற்று நேரம் செலவிட்டேன். 'மேல்முறையீடு' என்றுதான் கை முதலில் எழுதும். நம் ஊரில் மேல்முறையீடு என்றதும் வழக்கறிஞர், முத்திரைக் கட்டணம், உயர் நீதிமன்றம் என்று நினைவு ஓடுகிறது. பலர் அந்தச் சொல்லைக் கண்டே பின்வாங்கிவிடுகிறார்கள். இது அப்படி இல்லை. ஆணையை அனுப்பிய அதே அலுவலகத்துக்கே எழுதுவது. அனுப்பக் கட்டணம் இல்லை. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, "இன்ன எண்ணுள்ள இன்ன தேதியிட்ட ஆணைக்கு ஆட்சேபம் தெரிவிக்கிறேன்" என்ற ஒரே வாக்கியம் போதும். ஆகவே 'ஆட்சேபம்' என்று எழுதினேன். அலுவலகம் அதை ஏற்று ஆணையைத் திரும்பப் பெறலாம். ஏற்காவிட்டால் அரசு வழக்கறிஞர் வழியாகக் கோப்பு உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தோற்றால் நீதிமன்றச் செலவு சேரும். மேலும் கடிதத்திலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது: ஆட்சேபத்தின் பேரில் உங்களுக்கு இன்னும் பாதகமான முடிவும் எடுக்கப்படலாம். முதல் மொழிபெயர்ப்பில் அந்த வாக்கியமே இல்லை, பின்பக்கம் வராததால். ஆட்சேபம் தெரிவித்தால் இழக்க ஒன்றுமில்லை என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. அந்த வாக்கியத்தை முழுமையாகத் தமிழில் கொடுத்துவிடுகிறேன்.

சிறை என்ற சொல்லும் அந்தப் பின்பக்கத்திலேயே தெளிவடைந்தது. முன்பக்கத்தில் ஒரு வரியில் சுட்டியிருந்ததைத்தான் உறவுப் பெண் 'இல்லாவிட்டால் சிறை' என்று எழுதியிருந்தார். உண்மையில் அது தண்டனைச் சிறை இல்லை. ஆணை இறுதியான பிறகும் பணம் கட்டாமல், கட்ட இயலாத நிலையையும் தெரிவிக்காமல் இருப்பவரைக் கட்ட வைப்பதற்காக நீதிமன்றம் உத்தரவிடக்கூடிய தடுப்புக் காவல். கட்ட வசதி இல்லை என்றால் அந்தக் கெடுவுக்குள் காரணத்தோடு எழுத வேண்டும் என்பதும் அதே பத்தியில் இருக்கிறது. 'உத்தரவிடலாம்' என்பதை 'உத்தரவிடும்' என்று எழுதினால் ஒரு குடும்பத்தின் தூக்கம் போய்விடுகிறது. அபராதக் கடிதங்களில் 'லாம்', 'வேண்டும்' என்ற இரண்டையும் ஒவ்வோர் இடத்திலும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எப்படி அனுப்புவது என்பதில்தான் மீண்டும் ஒரு தடுமாற்றம். கடிதத் தலைப்பில் அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. "இப்போதே ஒரு மெயில் போட்டுவிடலாமே" என்றார் தந்தை. பின்பக்கமோ, ஆட்சேபம் எழுத்து வடிவிலோ, நேரில் சென்று அலுவலகத்தில் பதிவு செய்தோ தெரிவிக்கப்பட வேண்டும், சாதாரண மின்னஞ்சல் போதாது என்றது. தலைப்பில் முகவரி அச்சாகியிருப்பது பொதுவான தொடர்புக்கு. சில அலுவலகங்கள் இணையப் படிவம் வைத்திருக்கின்றன. அப்படி இருந்தால் கடிதத்திலேயே சொல்லியிருப்பார்கள். இதில் இல்லை. இன்னொரு சொல்லையும் அவருக்குச் சுட்டிக் காட்டினேன்: கெடுவுக்குள் 'வந்து சேர' வேண்டும் என்று இருந்தது. நம்மில் பலரும் தபால் முத்திரைத் தேதியே போதும் என்று நினைக்கிறோம். மே 21 அன்று தபாலில் சேர்த்தால் அது காலம் கடந்த ஆட்சேபம்.

திங்கட்கிழமை மகன் ஜெர்மன் மொழியில் நான்கு வரிக் கடிதம் ஒன்றைத் தயாரித்தான். நான் இலக்கணம் பார்த்துக் கொடுத்தேன். அங்குள்ள அலுவலக மொழி ஜெர்மன் என்பதால் ஆங்கிலத்தில் எழுத விடவில்லை. கோப்பு எண்ணைப் படத்திலிருந்து கையால் எழுதாமல், இருவரும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து ஒப்பிட்டோம். கடிதத்தில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று கோப்பு எண், மற்றொன்று பணம் செலுத்தும்போது குறிப்பிட வேண்டிய எண். ஆட்சேபத்தில் போட வேண்டியது முதலாவது. கையெழுத்திட்ட கடிதத்தின் ஸ்கேன் பிரதியை அவனுடன் பணிபுரிபவர் அங்கே அச்செடுத்து, மே 14 அன்று அலுவலகத்தின் ஃபேக்ஸ் எண்ணுக்கு அனுப்பினார். அனுப்பிய அறிக்கையில் தேதி, நேரம், பக்க எண்ணிக்கை, வெற்றி என்ற குறிப்பு ஆகியவை இருந்தன, அதையும் படமெடுத்து அனுப்பினார். கையெழுத்திட்ட மூலத்தை அன்றே சென்னையிலிருந்து கூரியரிலும் அனுப்பினோம். வியாழக்கிழமை மகன் தொலைபேசியில் கோப்பு எண்ணைச் சொல்லிக் கேட்டபோது, ஆட்சேபம் வந்து சேர்ந்துவிட்டதாக உறுதி செய்தார்கள்.

வண்டியை ஓட்டியவரின் பெயரைச் சொல்ல வேண்டுமா என்று அவன் என்னிடம் கேட்டான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. கடிதம் என்ன சொல்கிறது என்பது வரை என் வேலை. அவன் என்ன சொல்வது நல்லது என்பது அங்குள்ள வழக்கறிஞரின் வேலை. ஆட்சேபம் கெடுவுக்குள் போய்விட்டதால் அவரைக் கலந்துகொள்ள அவனுக்கு நேரம் கிடைத்தது.

கெடு ஏற்கெனவே கடந்திருந்தால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அதற்கு முந்தைய ஆண்டு ஒருவர் அந்த நிலையில் என்னிடம் வந்தார். ஐந்து வார விடுப்பு முடிந்து திரும்பியபோது பெட்டியில் மஞ்சள் உறை கிடந்தது. உறைமேல் இருந்த தேதிக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. அப்படித் தன் தவறு இல்லாமல் கெடுவைத் தவறவிட்டவர் பழைய நிலையை மீட்டுத் தரக் கேட்டு விண்ணப்பிக்க முடியும். அதற்குத் தடை நீங்கியதிலிருந்து, அதாவது கடிதத்தைக் கண்டதிலிருந்து, ஒரு வாரமே உண்டு; அதே வாரத்துக்குள் ஆட்சேபத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்; ஊரில் இல்லை என்பதற்கு விமான டிக்கெட் போன்ற சான்றும் வேண்டும். அவர் விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிவிட்டு, அது ஏற்கப்பட்ட பிறகு ஆட்சேபம் எழுதலாம் என்று இருந்தார். நான்காம் நாள் அவர் என்னிடம் வந்ததால் மீதி இருந்த மூன்று நாளில் அதைச் சரிசெய்ய முடிந்தது.

ஜூலையில் மேல்தளத்து மகனிடமிருந்து மீண்டும் படங்கள் வந்தன. அலுவலகத்தின் கடிதம் ஒன்றரை வரி. நடவடிக்கை 'ஐன்கெஷ்டெல்ட்' என்றது. அந்தச் சொல்லுக்கு அகராதியில் 'பணியமர்த்தப்பட்டது', 'சரிசெய்யப்பட்டது' என்ற பொருள்களும் இருப்பதால் அவனுக்குக் குழப்பம். இங்கே அதன் பொருள், நடவடிக்கை கைவிடப்பட்டது என்பது. உறை இம்முறை சாதாரண வெள்ளை உறை. அதன்மேல் யாரும் தேதி எழுதவில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் தாளின் முன்பக்கம், வெறுமையான பின்பக்கம், உறையின் இரு புறங்கள் என நான்கு படங்களை, சன்னல் வெளிச்சத்தில் எடுத்து, டாக்குமென்ட் ஆகவே அனுப்பியிருந்தான்.